மாதம் ஏறும் வட்டியா, வருடக் கடைசி வட்டியா? இரண்டு சலுகைகளை ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் முறை

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மழை பிடித்துக்கொண்டதால் பால்வெட்டு நின்றிருக்கிறது, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். நகையைப் பணயம் வைத்து 1,50,000 ரூபாய் வாங்கலாம் என்று முடிவாகிறது. மார்த்தாண்டத்தில் இரண்டு இடங்களில் விசாரிக்கிறார்கள். முதல் இடத்தில் ஆண்டுக்கு 13.5 சதவீதம். இரண்டாவது இடத்தில் 12.9 சதவீதம். குறைவாக இருப்பதைத்தானே யாரும் எடுப்பார்கள்?

அந்த வீட்டு அம்மா இரண்டாவது இடத்துக் கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, இந்தப் பலிசை மாசாமாசம் கணக்குல ஏறுமா, இல்ல வருசக் கடைசியில ஒண்ணா எடுப்பியளா?" மாதாமாதம் ஏறும் என்று பதில் வந்தது. முதல் இடத்தில் வருட முடிவில் அசலோடு சேர்த்து ஒரே தடவை, அதுவும் தனி வட்டி. இந்தப் பதில் கையில் இல்லாமல் 13.5 பெரிதா 12.9 பெரிதா என்று சொல்லவே முடியாது.

இங்கே தரும் வட்டி விகிதங்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்கான மாதிரி எண்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது.

முதல் படி: வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஏறுகிறது என்று கேளுங்கள்

போர்டில் எழுதும் ஆண்டு விகிதத்தைப் பெயரளவு வட்டி என்பார்கள். 12.9 சதவீதம், மாதாந்திரக் கூட்டு என்றால் அந்த 12.9-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1.075 சதவீதம் போடுகிறார்கள் என்று பொருள். முதல் மாதம் 1,50,000-க்கு வட்டி 1,612 ரூபாய் 50 பைசா. அதை நீங்கள் கட்டவில்லை என்றால் பாக்கி 1,51,612.50 ஆகிவிடும். இரண்டாவது மாதத்து வட்டி இந்தப் பெரிய தொகைக்குத்தான்: 1,629.83. இப்படிப் பன்னிரண்டு மாதமும் வட்டிக்கு வட்டி ஏறி, வருட முடிவில் அசலின் மேல் மொத்தம் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அந்தச் சதவீதம்தான் பயனுறு ஆண்டு வட்டி. ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

வட்டி ஏறும் காலம் இடத்துக்கு இடம் மாறும். வங்கிக் கடன்களில் பொதுவாக மாதம் ஒருமுறை. விவசாயக் கடனுக்கு மட்டும் பயிர்ப் பருவத்தை ஒட்டித்தான் வட்டி ஏற்ற வேண்டும், மாதாமாதம் ஏற்றக் கூடாது. நகையை வைத்து விவசாயக் கடனாக வாங்குகிறீர்களா, சாதாரண நகைக் கடனாக வாங்குகிறீர்களா என்பதை விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்ள இது ஒரு காரணம். டெபாசிட் பக்கம் வந்தால், இந்திய வங்கிகளின் நிரந்தர வைப்பில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி. சேமிப்புக் கணக்கில் தினசரி இருப்பை வைத்து வட்டி கணக்கிட்டு, பல வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கின்றன. சில தனியார் வங்கிகள் மாதாமாதம் வரவு வைக்கின்றன. அஞ்சலக சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு ஒருமுறை.

இரண்டாம் படி: பயனுறு வட்டியைப் போட்டுப் பாருங்கள்

சூத்திரம் சின்னது. ஆண்டு விகிதத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள், அந்த எண்ணைப் பன்னிரண்டு தடவை போட்டுப் பெருக்குங்கள், ஒன்றைக் கழியுங்கள்.

```
(1 + 0.129/12)^12 - 1 = 0.1369
```

ஆக 12.9 என்று சொல்லப்பட்டது, வட்டியைக் கட்டாமல் வருடம் முழுக்க விட்டால் 13.69 சதவீதம். முதல் இடத்து 13.5-ஐ விட இது அதிகம். ரூபாயில் சொன்னால் முதல் இடத்தில் வருட வட்டி 20,250, இரண்டாவது இடத்தில் 20,536. குறைவாகத் தெரிந்த இடம்தான் 286 ரூபாய் கூடுதலாக வாங்குகிறது.

கணினியோ மொபைலில் விரிதாளோ இருந்தால் கூகுள் ஷீட்டிலும் எக்செலிலும் இதற்கென்றே ஒரு சார்பு இருக்கிறது. முதல் எண் ஆண்டு விகிதம், இரண்டாவது எண் வருடத்தில் எத்தனை தடவை வட்டி ஏறுகிறது என்பது:

```
=EFFECT(0.129, 12)
```

காலாண்டுக் கூட்டு என்றால் 12-க்குப் பதில் 4 போட வேண்டும். அப்படி எதுவும் கையில் இல்லை, கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர்தான் என்றாலும் பன்னிரண்டு தடவை பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 1.01075-ஐ அதே எண்ணால் பெருக்குங்கள், 1.02162 வரும், அது இரண்டு மாதம். அதை அதனாலேயே பெருக்கினால் 1.04370, நான்கு மாதம். இந்த நான்கு மாத எண்ணை மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் 1.1369, பன்னிரண்டு மாதம். மொத்தம் நான்கே பெருக்கல். கவுண்டரில் நின்றுகொண்டே முடித்துவிடலாம். இடையில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கங்களாவது வைத்துக்கொள்ளுங்கள். 1.01 என்று சுருக்கினால் 12.68 என்று வந்து, ஒரு சதவீதத்தையே விழுங்கிவிடும்.

நம் ஊரில் விகிதத்தை ஆண்டுக் கணக்கில் சொல்லாமல் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று சொல்வதும் உண்டு. ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, ரெண்டு வட்டி என்பது அந்தக் கணக்கு. கட்டாமல் விட்டால் அவை வருடத்தில் எவ்வளவு ஆகின்றன என்பது இது:

| மாதம் 100-க்கு | பன்னிரண்டால் பெருக்கினால் | பயனுறு ஆண்டு வட்டி |
|---|---|---|
| 1 ரூபாய் | 12% | 12.68% |
| 1.50 ரூபாய் | 18% | 19.56% |
| 2 ரூபாய் | 24% | 26.82% |
| 3 ரூபாய் | 36% | 42.58% |

கீழே போகப் போக நடுப் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் உள்ள இடைவெளி எப்படி விரிகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு வட்டியில் முக்கால் சதவீதம்கூட இல்லை. மூன்று வட்டியில் ஆறரை சதவீதத்துக்கு மேல். விகிதம் இரு மடங்கானால் வட்டிக்கு வட்டி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனால்தான் எட்டு, ஒன்பது சதவீத வீட்டுக் கடனில் இந்தக் கூட்டு பெரிதாக உறைப்பதில்லை, தனியாரிடம் வாங்கிய கடனில் உறைக்கிறது. ரெண்டு வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்தை மூன்று வருடம் தொடாமல் விட்டால் 2,03,989 ரூபாய். தனி வட்டியாக இருந்திருந்தால் 1,72,000-தான்.

மூன்றாம் படி: எத்தனை மாதத்தில் திருப்புவீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

பயனுறு ஆண்டு வட்டி என்ற பெயரிலேயே ஆண்டு இருக்கிறது. மேலே வந்த 13.69-க்கும் 13.5-க்கும் உள்ள வித்தியாசம் பன்னிரண்டு மாதம் முழுதாக ஓடினால்தான். நகைக் கடனை எத்தனை பேர் சரியாக ஒரு வருடம் வைத்திருக்கிறார்கள்? கார்த்திகையில் பால்வெட்டு நன்றாக நடந்தாலோ, கல்ஃபிலிருந்து பணம் வந்தாலோ, நாலைந்து மாதத்தில் திருப்பிவிடுவார்கள். முதல் இடமும் முன்கூட்டியே மூடினால் அதுவரைக்கான தனி வட்டி மட்டும் வாங்கும் என்று வைத்துக்கொண்டு, மாத வாரியாகப் போட்டுப் பார்ப்போம்.

மூன்றாவது மாத முடிவில் மூடினால் முதல் இடத்தில் வட்டி 5,062 ரூபாய் 50 பைசா. இரண்டாவது இடத்தில் 4,889 ரூபாய் 69 பைசா. இப்போது இரண்டாவது இடம்தான் லாபம். ஒன்பதாவது மாதம் 15,187-க்கு எதிராக 15,152, இன்னும் இரண்டாவது இடம் 35 ரூபாய் குறைவு. பத்தாவது மாதம் 16,875-க்கு எதிராக 16,928. இங்கேதான் தராசு மறுபக்கம் சாய்கிறது.

காரணம் எளிது. தனி வட்டி முதல் மாதத்திலிருந்தே ஒரே அளவில் ஏறுகிறது. கூட்டு வட்டி சின்னதாகத் தொடங்கிப் போகப் போக வேகம் பிடிக்கிறது. ஆக, விகிதம் சற்றுக் குறைவாக இருக்கும் மாதாந்திரக் கூட்டு, சீக்கிரம் அடைக்கிறவருக்கு நல்லது. இழுத்துக்கொண்டே போகிறவருக்குக் கெடுதல். ஒன்பது மாதத்துக்குள் உறுதியாக மூட முடியும் என்றால் அந்த அம்மா 12.9-ஐத் தயங்காமல் எடுக்கலாம். ஒருவேளை வருடம் கடந்துவிடும் என்றால் 13.5. ஆனால் வருடக் கடைசியில் கட்டாத வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுக் கடனாக மாற்றி எழுதுகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றி எழுதினால் அதுவும் கூட்டு வட்டிதான், வருடத்துக்கு ஒருமுறை ஏறுவது.

நான்காம் படி: வட்டியை மாதாமாதம் கட்டுவீர்களா?

இந்தப் படியில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். இரண்டாவது இடத்தில் மாதம் 1,612.50-ஐ ஒழுங்காகக் கட்டிவந்தால் வட்டிக்கு வட்டி என்ற பேச்சே இல்லை. வருடத்தில் கட்டியது 19,350. அப்படியானால் 13.69 என்பது பொய்யா?

பொய் இல்லை. அந்த 1,612.50 வருடக் கடைசியில் போவதற்குப் பதில் மாதாமாதம் உங்கள் கையை விட்டுப் போகிறது. அந்தப் பணத்தை வைத்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் கேள்வி. சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்துக்குக் கிடந்திருந்தால் வருடம் முழுக்க அது சுமார் 266 ரூபாய் சம்பாதித்திருக்கும். 19,350-உடன் 266-ஐக் கூட்டினால் 19,616. முதல் இடத்து 20,250-ஐ விட 634 ரூபாய் குறைவு. இந்த வீட்டுக்கு இரண்டாவது இடம்தான் மலிவு.

அதே 1,612.50-ஐக் கொண்டு ரெண்டு வட்டிக்கு வாங்கிய வேறொரு கடனை அடைக்க முடியும் என்றால் கணக்கு தலைகீழ். அப்போது அந்தப் பணத்தை மலிவான நகைக் கடனுக்கு மாதாமாதம் கட்டுவது நஷ்டம். முதல் இடத்தில் வாங்கிவிட்டு, மாதம் மிஞ்சுவதை ரெண்டு வட்டிக் கடனில் போட்டு அடைப்பதே சரி. ஒரே இரண்டு சலுகைகள், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்று, இன்னொரு வீட்டுக்கு மற்றொன்று. பயனுறு வட்டி என்ற எண் தனியாக இதைச் சொல்லாது. உங்கள் கைப்பணம் வேறு எங்கே போயிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இடையில் சில மாதம் தவறினால் என்ன ஆகும் என்ற பயமும் உண்டு. குளச்சலில் விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், வருமானம் நின்றுபோகும். ஜூன், ஜூலை வட்டியை விட்டு ஆகஸ்ட் கடைசியில் மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினால், 4,837.50-க்குப் பதில் 4,889.69. வட்டிக்கு வட்டியாக ஏறியது வெறும் 52 ரூபாய். இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது தாமதத்துக்கான அபராதம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அபராதத்தைக் கூடுதல் வட்டியாகப் போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றவும் கூடாது. கட்டாத சாதாரண வட்டியின் மேல் ஏறும் கூட்டு வட்டிக்கு இது தடை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், "ரெண்டு மாசம் தவறினா அபராதம் எவ்வளவு?" என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இஎம்ஐ கடன்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வங்கிகளும் மாதாமாதம் ஏறும் வட்டி, மாதத் தவணை என்று ஒரே முறையில் இருந்தால் பயனுறு வட்டிக்கு மாற்றிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பெயரளவில் குறைந்தது பயனுறுவிலும் குறைந்தது. ஆனால் ஒருவர் 'ஃப்ளாட்' வட்டி என்று சொன்னால் உடனே நிறுத்துங்கள். அதில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஒரு வருடத்துக்கு 12 சதவீத ஃப்ளாட் என்பது, குறையும் பாக்கிக்குப் போடும் கணக்கில் ஏறக்குறைய 21.5 சதவீதம். பைக் கடனிலும் வீட்டுச் சாமான் கடனிலும் இது அதிகம் வரும்.

ஐந்தாம் படி: கட்டணங்களை உள்ளே இழுங்கள்

இரண்டாவது இடத்தில் மதிப்பீட்டாளர் கூலி, பரிசீலனைக் கட்டணம் என்று 750 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 1,49,250 மட்டும் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? வட்டி 1,50,000-க்குத்தான் ஏறும். வருடக் கடைசியில் திருப்ப வேண்டியது 1,70,536. கையில் வாங்கியதால் இதை வகுத்தால் 1.1426, அதாவது 14.26 சதவீதம். மூன்றே மாதத்தில் மூடினாலோ, அதே 750 ரூபாய் குறுகிய காலத்தில் விழுவதால் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 16 சதவீதம் ஆகிவிடுகிறது. சீக்கிரம் மூடுகிறவருக்குக் கூட்டு வட்டி நண்பன் என்று மேலே பார்த்தோம். கட்டணம் அந்தச் சலுகையைத் தின்றுவிடும். மூன்றாவது மாதக் கணக்கில் வட்டியில் கிடைத்த லாபம் 173 ரூபாய்தானே, கட்டணம் 750.

வங்கியோ நிதி நிறுவனமோ தரும் தனிநபர் கடன்களுக்கு இப்போது முக்கிய விவரத் தாள் என்று ஒன்று கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு குறு தொழில் தவணைக் கடன்களுக்கும் இதைத் தர வேண்டும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும், ஏனென்றால் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதே விதி. அதில் ஏபிஆர் என்று ஓர் ஆண்டு விகிதம் இருக்கும், கட்டணங்களையும் சேர்த்தது. மிகவும் பயனுள்ள எண். ஆனால் அதைப் பயனுறு வட்டி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த விவரத் தாளைக் கட்டாயமாக்கிய சுற்றறிக்கையோடு ரிசர்வ் வங்கி தந்த மாதிரிக் கணக்கையே பாருங்கள். கடன் 20,000, வட்டி 15 சதவீதம், 24 மாதத் தவணை, கட்டணங்கள் 400 போகக் கையில் 19,600. ஏபிஆர் 17.07 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1.4225 சதவீதம், தவணைக் கணக்கும் சரியாக ஒத்துவருகிறது. அதாவது மாத விகிதத்தைப் பன்னிரண்டால் பெருக்கியதுதான் ஏபிஆர். வட்டிக்கு வட்டியையும் சேர்த்தால் 18.47. ஒரு கடனின் ஏபிஆரை இன்னொரு கடனின் ஏபிஆரோடு ஒப்பிடலாம், இரண்டும் மாதத் தவணை என்றால். அதை வருடக் கடைசித் தனி வட்டிக் கடனோடோ, டெபாசிட்டின் வருமானத்தோடோ ஒப்பிட வேண்டும் என்றால், முதலில் இரண்டாம் படியில் சொன்னபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

டெபாசிட் பக்கம்

அதே முறைதான், ஆனால் இங்கே வித்தியாசங்கள் சின்னவை. 3,00,000 ரூபாயை ஒரு வருடம் போட மூன்று சலுகைகள் வருகின்றன என்போம். ஒன்றில் 7.2 சதவீதம், மாதக் கூட்டு. இன்னொன்றில் 7.25, காலாண்டுக் கூட்டு. மூன்றாவது ஒரு கூட்டுறவுச் சங்கம், 7.4, வருடக் கடைசியில். மாற்றிப் பார்த்தால் முறையே 7.44, 7.45, 7.40. ரூபாயில் 22,327, 22,348, 22,200. அதிக எண் சொன்ன சங்கம் கடைசியில் நிற்கிறது. முதல் இரண்டுக்கும் நடுவே வருடத்துக்கு 21 ரூபாய் வித்தியாசம், அதற்காக நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டாம். இந்த இடத்தில் நான் வட்டியை விட்டுவிட்டு வைப்புக் காப்பீட்டைத்தான் பார்ப்பேன். வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

மாதாமாதம் வட்டியைக் கையில் வாங்கும் டெபாசிட்டில் ஒரு விஷயம். 7.25-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 3 லட்சத்துக்கு மாதம் 1,812 ரூபாய் 50 பைசா வர வேண்டும். வருவதோ 1,801 ரூபாய் சொச்சம். வங்கி ஏமாற்றவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய வட்டியை முன்கூட்டியே மாதாமாதம் தருவதால், அதற்கேற்பக் கழித்துத் தருகிறார்கள். அந்த மாதத் தொகையைத் திரும்ப முதலீடு செய்தால் அதே 7.45 வரும். செலவழித்துவிட்டால் வராது, வயதான பெற்றோருக்கு மருந்துச் செலவுக்காக வாங்குகிறவர்களுக்கு அது நஷ்டமும் இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொரு எண், விளம்பரத்தில் வரும் 'ஆண்டு வருமானம்'. 7.25 சதவீதத்தில் ஐந்து வருடம் போட்டால் 3 லட்சம் 4,29,678 ஆகும், அதாவது 43.23 சதவீத வளர்ச்சி. அதை ஐந்தால் வகுத்து 8.65 சதவீதம் என்று அச்சடிப்பார்கள். பயனுறு வட்டி 7.45-தான். அதே முறையில் பத்து வருடத்துக்குப் போட்டால் எண் இன்னும் வீங்கும். வருடம் கூடக் கூட பெரிதாகும் விகிதம் எதுவும் ஒப்பிடுவதற்கு உரியதல்ல.

ஆறாம் படி: சொன்னபடிதான் ஏற்றுகிறார்களா என்று இரண்டாவது மாதம் பாருங்கள்

கடன் வாங்கி இரண்டு மாதம் ஆனதும் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். வட்டி எதுவும் கட்டாத நிலையில், இரண்டாவது மாத வட்டி முதல் மாதத்தைப் போலவே 1,612.50 என்று இருந்தால் அங்கே கூட்டு இல்லை. 1,629.83 என்று இருந்தால் மாதக் கூட்டு. ஆனால் அறிக்கையில் வரும் எண் அப்படியே இந்த இரண்டில் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் பல வங்கிகள் மாதத்தைப் பன்னிரண்டில் ஒன்றாக எடுக்காமல் நாளை எண்ணிப் போடுகின்றன. 1,50,000-க்கு 12.9 சதவீதத்தில் 30 நாள் மாதத்துக்கு 1,590.41, 31 நாள் மாதத்துக்கு 1,643.42. அதனால் முதலில் அந்த மாதத்தின் நாள்களை எண்ணுங்கள். ஆண்டு வட்டி 19,350-ஐ 365-ஆல் வகுத்து நாளால் பெருக்கினால் அசலுக்கு மட்டும் வர வேண்டிய தொகை கிடைக்கும். இரண்டாவது மாதம் அதற்கு மேல் பதினேழு ரூபாய் அளவில் இருந்தால் அது முதல் மாத வட்டியின் மேல் ஏறிய வட்டி. நூறு, இருநூறு என்று இருந்தால் அது வட்டி அல்ல, ஏதோ கட்டணம் உள்ளே வந்திருக்கிறது. அந்த வரியைக் காட்டி, அது என்ன, விவரத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.